நான்கு நூலில் பாரதி: ஓர் எம்பிராய்டரி பஞ்சிங் நிகழ்வு ஆய்வு

டிசம்பர் 11 பாரதியின் பிறந்தநாள். அதை ஒட்டி ஒரு வாசகர் வட்டத்தார் 40 துணிப்பைகள் கேட்டார்கள். கடுகு மஞ்சள் நிறக் கேன்வாஸ் துணி, அதில் பாரதியின் முகம், எம்பிராய்டரியில். படத்தை மெஷின் தைக்கும் கோப்பாக மாற்றும் வேலைதான் பஞ்சிங். அவர்கள் அனுப்பிய மாதிரி வாட்டர்கலர் சாயலில் இருந்தது: முண்டாசில் ஆரஞ்சும் நீலமும் வழிய, கன்னத்தில் ஏழெட்டு பழுப்புகள் ஒன்றில் ஒன்று கரைந்திருந்தன. அச்சடிக்க அது சரியான படம். நூலில் அதை அப்படியே கொண்டுவர 15 நிறமாவது வேண்டும். எங்களிடம் இருப்பதோ ஒற்றை ஊசி மெஷின், 100க்கு 100 மில்லிமீட்டர் பிரேம். ஒவ்வொரு நிறத்துக்கும் மெஷினை நிறுத்தி, பழைய நூலை உருவி, புது நூலைக் கோக்க வேண்டும். நான்கு நிறம் என்றாலே 40 பைக்கு 160 முறை நூல் கோக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாரதி 1921இல் மறைந்தவர். அவர் வாழ்ந்த காலத்துப் புகைப்படங்களை வைத்து நாம் புதிதாக வரைவதில் தடையில்லை. ஆனால் அந்த வாட்டர்கலர் இன்றைய ஓவியர் ஒருவருடையது. அதை நகலெடுத்துப் பை போட்டு விற்க முடியாது என்று சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் உடனே புரிந்துகொண்டார். “சரிங்க, நீங்களே வரைஞ்சிடுங்க. ஆனா பார்த்ததும் பாரதின்னு தெரியணும், நெத்தியில குங்குமம் சிவப்பாவே இருக்கணும்” என்றார். நிபந்தனை அவ்வளவுதான். நான்கு நூல் என்று நாங்கள் வரம்பு வைத்துக்கொண்டோம்.

துணியும் ஒரு நிறம்

முகத்தை எம்பிராய்டரி செய்ய வருகிற பலரும் முதலில் தோல் நிறத்துக்கு நூல் தேடுவார்கள். முகம் முழுவதும் ஒரு நிறத்தை நிரப்பிவிட்டு, அதன்மேல் நிழல், அதன்மேல் கோடு என்று அடுக்குவார்கள். மூன்று அடுக்கு சேர்ந்த இடத்தில் கன்னம் அட்டைபோல விறைத்துவிடும், ஊசியும் திணறும். இந்த வேலையில் வெளிச்சம் படும் தோலுக்கு நூலே போடவில்லை. கடுகு மஞ்சள் துணிதான் தோல். நூல் தேவைப்பட்டது அதைவிட வெளுத்த இடத்துக்கும் இருண்ட இடத்துக்கும் மட்டும்.

அப்படிப் பார்த்தால் வெளிச்ச வரிசை இப்படி அமைந்தது: முண்டாசுக்கும் கண்ணின் வெண்மைக்கும் வெள்ளை, அடுத்து துணியின் மஞ்சள், அடுத்து நிழலுக்குப் பழுப்பு, கடைசியில் மீசை, புருவம், அவர் அணிந்திருக்கும் கோட்டு ஆகியவற்றுக்குக் கறுப்பு. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருண்டு போக வேண்டும். பழுப்பைத் தேர்வதில்தான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். நூல் கோனில் பார்க்கும்போது அழகாக இருக்கும் அடர் காப்பி நிறம், தைத்ததும் இரண்டடி தள்ளிப் பார்த்தால் கறுப்போடு சேர்ந்துவிடும்; கன்னத்து நிழலும் மீசையும் ஒரே திட்டாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துணியின்மேல் இந்த மூன்று கோனையும் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். எந்த இரண்டு கோன்கள் ஒரே சாம்பலாகத் தெரிகின்றனவோ, அவற்றில் ஒன்றை மாற்றியாக வேண்டும். இப்படிப் பார்த்துத்தான் அடர் காப்பியை ஒதுக்கிவிட்டு செங்கல் சாயல் கொண்ட நடுத்தரப் பழுப்புக்கு வந்தோம்.

நான்காவது நூல் சிவப்பு. குங்குமத்துக்காக மட்டும், 3 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம். இவ்வளவு சின்ன இடத்துக்குத் தனி நூலா என்று கேட்கத் தோன்றும். சிவப்பை வைத்துக்கொண்டு பழுப்பை விட்டுவிடலாமா என்றும் யோசித்தோம். நிழலைக் கறுப்பு நூலிலேயே இடைவெளி விட்டுப் போட்டால் மூன்று நூலில் முடிந்துவிடும். மாதிரி தைத்துப் பார்த்ததில் முகத்தில் தாடி வளர்ந்ததுபோல இருந்தது. பாரதிக்குத் தாடியோடும் படம் உண்டுதான், ஆனால் கேட்டது அதுவல்ல. பழுப்பும் சிவப்பும் இரண்டுமே நின்றன.

படத்தை உருவங்களாக்குதல்

மென்பொருள், இங்க்ஸ்கேப்பில் இயங்கும் இலவசமான Ink/Stitch. இங்க்ஸ்கேப்பின் Trace Bitmap கொண்டு புகைப்படத்தை நான்கு தட்டாக உடைத்துவிடலாம்தான். அதில் வருவது நூற்றுக்கணக்கான குட்டித் தீவுகள். பழைய புகைப்படத்தின் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு எல்லாம் தனித்தனி உருவமாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மெஷின் ஒரு முடிச்சு போட்டு, நூலை வெட்டி, அடுத்த இடத்துக்குத் தாவும். எனவே டிரேஸ் செய்ததை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு, அதன்மேல் பேனாக் கருவியால் கையால் வரைவதுதான் என் வழக்கம். வரைந்து முடித்தபோது மொத்தப் படமும் முப்பது சொச்சம் உருவங்களில் அடங்கியது.

வரையும்போது மனதில் வைத்திருந்த அளவு ஒன்றே ஒன்று. 40 எண் எம்பிராய்டரி நூல் துணியில் படிந்தால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும். அதனால் 1 மில்லிமீட்டருக்குக் குறைவான எந்த உருவத்தையும், எந்த இடைவெளியையும் வரையவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும், அதை நம்பக்கூடாது. நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். முழுப்படம் 95 மில்லிமீட்டர் உயரம். அதில் ஒரு கண் 9 மில்லிமீட்டர்தான்.

முண்டாசு: ஒரே வெள்ளையில் ஐந்து சாயல்

முண்டாசு படத்திலேயே பெரிய பரப்பு, சுமார் 1,900 சதுர மில்லிமீட்டர். இவ்வளவு அகலத்துக்கு நிரப்புத் தையல்தான், தொழிலில் டட்டாமி என்பார்கள். வரிசை வரிசையாக ஓடி, ஒவ்வொரு வரிசையிலும் ஊசி குத்தும் இடம் தள்ளித் தள்ளி விழும். முழு முண்டாசையும் ஒரே உருவமாக நிரப்பினால் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோலத் தட்டையாகிவிடும். மடிப்புகளைக் காட்டச் சாம்பல் நூல் சேர்ப்பது எளிய வழி, ஆனால் அது ஐந்தாவது நூல்.

இங்கேதான் நூலின் பளபளப்பு கைகொடுக்கிறது. எம்பிராய்டரி நூல் வெளிச்சத்தை ஒரு திசையில் திருப்பி அனுப்பும். தையல் ஓடும் திசை மாறினால் அதே நூல் ஒரு பக்கம் வெளுத்தும் இன்னொரு பக்கம் மங்கியும் தெரியும். முண்டாசை ஐந்து மடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் துணி சுற்றிப் போகும் திசையிலேயே தையல் கோணத்தை வைத்தேன். பக்கத்துப் பக்கத்து மடிப்புகளுக்குள் 30 பாகையாவது வித்தியாசம் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து பாகை மாற்றினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வேலைதான் மிச்சம். பையைக் கையில் ஆட்டினால் மடிப்புகள் மாறி மாறி ஒளிரும்; அச்சடித்த படத்தில் இது வராது.

அடர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை. Ink/Stitch தானாகத் தரும் வரிசை இடைவெளி 0.25 மில்லிமீட்டர். இந்த வேலைக்கு அது மிக நெருக்கம். பரப்பை இடைவெளியால் வகுத்து, கிடைப்பதைத் தையல் நீளத்தால் வகுத்தால் தையல் எண்ணிக்கை தோராயமாக வந்துவிடும். 1,900ஐ 0.25ஆல் வகுத்தால் 7,600 மில்லிமீட்டர் நூல் ஓட்டம், 3 மில்லிமீட்டர் தையலில் 2,500க்கு மேல். அதையே 0.4 என்று மாற்றினால் சுமார் 1,600. வெள்ளை நூலுக்கு அடியில் கடுகு மஞ்சள் எட்டிப்பார்க்குமோ என்ற பயம் நியாயமானது. அதற்கு மேலடுக்கை நெருக்குவதைவிட, அடித்தையல் என்கிற அண்டர்லேயை மேல் தையலுக்குக் குறுக்காக விரித்துப் போடுவதே சரி. மேல் வரிசைகள் அந்தக் குறுக்குக் கம்பிகளின்மேல் உட்காரும், துணிக்குள் அமுங்காது.

கன்னத்து நிழல்

முகத்தின் இடப்பக்கம் ஆழ்ந்த நிழல், அதற்கும் வெளிச்சத்துக்கும் நடுவே ஓர் அரைநிழல். இரண்டுக்கும் ஒரே பழுப்பு. ஆழ்நிழலில் வரிசை இடைவெளி 0.4, அரைநிழலில் 1 மில்லிமீட்டர். இடைவெளியில் துணியின் மஞ்சள் தெரிவதால், இரண்டடி தூரத்தில் கண் இரண்டையும் கலந்து நடுத்தர நிறமாகப் பார்க்கும்.

சொல்ல எளிது, ஆனால் இந்த இடைவெளித் தையலில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அடர்ந்த நிரப்பலில் மெஷின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும் பயணத் தையல் மேலடுக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இங்கே அது கன்னத்தின் குறுக்கே வெட்டுக்காயம் மாதிரித் தெரியும். அதனால் Params பெட்டியில் Underpath என்பதை எடுத்துவிட வேண்டும். பயணம் உருவத்தின் ஓரத்தை ஒட்டிச் சுற்றிப் போகும். இந்த உருவத்துக்கு மட்டும் அண்டர்லேயையும் நீக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குறுக்குக் கம்பி விழுந்து வலைபோலாகும்.

கோணமும் முக்கியம். முதல் மாதிரியில் அரைநிழல் கிடைமட்டமாக, 0 பாகையில் இருந்தது. கேன்வாஸ் நெசவின் ஊடையும் அதே திசைதான். நூல்கள் நெசவுப் பள்ளத்துக்குள் இறங்கிச் சில வரிசைகள் காணாமலே போயின. மிஞ்சியவை பழைய தொலைக்காட்சித் திரைக் கோடுகள்போல நின்றன. 40 பாகைக்குச் சாய்த்ததும் ஒவ்வொரு தையலும் நெசவைக் குறுக்கே கடந்து மேலேயே நின்றது, கன்னத்தின் வளைவோடும் பொருந்தியது. கெட்டியான நெசவுத் துணியில் இடைவெளித் தையல் போடும்போது 0, 90 இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

மீசையும் கண்ணும்

அந்த முகம் பாரதி என்று தெரிவது முண்டாசாலும் மீசையாலும். உயிரோடு இருக்கிறார் என்று தெரிவது கண்ணால்.

மீசைக்குச் சாட்டின் தையல். இரண்டு ஓரங்களுக்கு நடுவே நூல் இங்குமங்கும் போய்வரும் தையல் இது. அகலம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஊசி குத்திய இடத்திலேயே குத்தும், நூல் அறும். 7 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நூல் தொங்கலாகி, பையில் சாவிக்கொத்து பட்டதும் மாட்டி இழுபடும். மீசை நடுவில் 6 மில்லிமீட்டர், நுனியில் 1 மில்லிமீட்டர். வரம்புக்குள்தான். ஆனால் சாட்டின் நூல்கள் இயல்பாக ஓரங்களுக்குச் செங்குத்தாக விழும். அப்படியே விட்டால் மீசை தூரிகை முடிபோல நேராகக் கீழ்நோக்கி நிற்கும். Ink/Stitchஇல் இரு ஓரக் கோடுகளுக்கு இடையே குறுக்குப் படிகள் வரைந்து திசையைச் சொல்லலாம். மூக்கடியில் படியைச் சற்றே சாய்த்து, வெளியே போகப் போக மேலும் சாய்த்து, நுனிக்கு அருகில் ஏறக்குறைய படுக்க வைத்தேன். இடம் வலம் இரண்டும் தனித்தனி உருவங்கள், நடுவில் 1 மில்லிமீட்டர் பிளவு. முறுக்கு வந்தது அந்தச் சாய்வால்தான்.

கண்ணில் சிக்கல் வேறு மாதிரி. கருவிழியில் ஓர் ஒளிப்புள்ளி வேண்டும். கறுப்பு தைத்து முடித்தபின் அதன்மேல் வெள்ளைப் புள்ளி வைத்தால் வெள்ளை நூலை மறுபடி கோக்க வேண்டும். 40 பைக்கு இன்னும் 40 தடவை, இரண்டு புள்ளிக்காக! மாற்றாக, கண்ணின் வெண்மையை முதலிலேயே முழுதாக வெள்ளையில் போட்டுவிட்டு, கறுப்பில் ஒரு பள்ளம் விட்டேன். சாட்டினுக்கு நடுவே ஓட்டை போட்டால் உருவம் இரண்டாகப் பிளந்து தையல் சிக்கலாகும். அதனால் 3.2 மில்லிமீட்டர் கருவிழியை இடமிருந்து வலம் போகும் சாட்டினாக வைத்து, நூல்கள் மேலும் கீழுமாக ஓட, மேல் ஓரக் கோட்டை மட்டும் ஓரிடத்தில் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே இறக்கினேன். அந்தப் பள்ளத்தில் அடியிலுள்ள வெள்ளை தெரிகிறது. பள்ளத்தின் அகலம் திரையில் 1.2 மில்லிமீட்டர், இருபக்க நூலும் புடைத்து நெருக்குவதால் துணியில் 0.8 அளவுக்குத்தான் மிஞ்சும். 1 மில்லிமீட்டருக்கு வரைந்திருந்தால் இன்னும் ஒடுங்கிவிடும். இரண்டு கண்ணிலும் பள்ளம் ஒரே பக்கம் இருக்க வேண்டும், அதுவும் முகத்தில் வெளிச்சம் வரும் பக்கம். மாறினால் பார்வை கலையும்.

மேல் இமை 1.2 மில்லிமீட்டர் சாட்டின். கீழ் இமைக்கு ஒன்றும் போடவில்லை. போட்டால் மை தீட்டியதுபோல ஆகிவிடுகிறது. மூக்கின் ஓரத்துக்கும் வெளிச்சப் பக்கத் தாடைக்கும் பீன் தையல் போதும்: ஓட்டத் தையலையே முன்னும் பின்னுமாக மூன்று முறை போடுவது. நிழல் பக்கத் தாடைக்குக் கோடே கிடையாது, பழுப்பின் விளிம்பே அங்கே எல்லை.

இழுப்பும் வரிசையும்

தையல் ஓடும் திசையில் துணியைச் சுருக்கும், அதற்குக் குறுக்குத் திசையில் வெளியே தள்ளும். திரையில் வட்டமாக இருப்பது துணியில் நீள்வட்டமாக வரும். முதல் மாதிரியில் இது இரண்டு இடத்தில் தெரிந்தது. முண்டாசுக்கும் நெற்றிக் கோட்டுக்கும் நடுவே நகக்கீறல் அளவு மஞ்சள் சந்து. அப்புறம், கோட்டு முழுவதையும் கறுப்பில் நிரப்பியிருந்ததால் கழுத்துக்குக் கீழே துணி சுருங்கி, பிரேமிலிருந்து எடுத்ததும் தோள் பக்கம் அலையடித்தது.

சந்துக்கு மருந்து இரண்டு. முண்டாசின் உருவங்களை நெற்றிக் கோட்டுக்கு அடியில் 0.8 மில்லிமீட்டர் நீட்டினேன். நிரப்புத் தையல்களுக்கு இழுப்பு ஈடு 0.3 மில்லிமீட்டர் கொடுத்தேன், மென்பொருள் ஒவ்வொரு வரிசையையும் அந்த அளவுக்கு நீட்டித் தைக்கும். கோட்டு உடையின் சுருக்கத்துக்கு மருந்து வரைபடத்திலேயே இருந்தது. முழுக் கறுப்பைக் கைவிட்டு, கழுத்தோரத்து மடிப்பையும் ஒரு தோளின் நிழலையும் மட்டும் நிரப்பி, கீழே போகப் போக வரிசை இடைவெளி கூடித் துணியில் கரைந்துவிடும்படி விட்டேன். ஸ்டைலைஸ்டு படம் என்பதால் இந்தச் சலுகை கிடைக்கிறது. புகைப்படம்போல வேண்டும் என்றிருந்தால் இப்படித் தப்பியிருக்க முடியாது.

தைக்கும் வரிசை வெள்ளை, பழுப்பு, சிவப்பு, கறுப்பு. கறுப்பு கடைசியில் வருவதால் மற்றவற்றின் ஓரங்களை மூடிவிடுகிறது. கறுப்புக்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு: துணியை அதிகம் இழுக்கும் கோட்டு முதலில், பிறகு மீசை, புருவம், கோடுகள், கண் கடைசி. கோட்டை முதல் நூலாகவே தைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு, ஆனால் கறுப்பை இருமுறை கோக்க வேண்டும். கோட்டின் பரப்பைக் குறைத்த பிறகு அது தேவைப்படவில்லை.

பையாகத் தைத்தபின் பிரேமில் மாட்டுவது பெரும் தொல்லை என்பதால், வெட்டிய துண்டுகளாகவே எம்பிராய்டரி போட்டுப் பிறகு பை தைத்தோம். அடியில் கிழித்தெடுக்கும் பேப்பர் ஒரு தாள், ஊசி 75/11, நூல் பாலியஸ்டர், வேகம் நிமிடத்துக்கு 600 தையல். கோப்பு சுமார் 5,500 தையல். நூல் மாற்றத்தோடு ஒரு பைக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு மாதிரியையும் திருப்பிப் பார்ப்போம்: சாட்டினின் பின்பக்கத்தில் நடு மூன்றில் ஒரு பங்கு, அடியிலிருந்து வரும் பாபின் நூலும் இருபுறமும் மேல் நூலும் தெரிந்தால் இழுவிசை சரி. முன்பக்கம் மீசை ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம், அல்லது பாபின் தளர்வு.

மெஷினுக்கு PES கோப்பு கொடுத்தோம், அதில் நூல் நிறமும் பதிவாகும். பிறகு அதே படத்தை வெளியே பல தலை மெஷினில் போட DST கேட்டார்கள். அதில் நிறம் இருக்காது, எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் இருக்கும். வரிசையையும் நூல் எண்ணையும் தாளில் எழுதிக் கூடவே அனுப்பாவிட்டால் முண்டாசு சிவப்பாக வர வாய்ப்புண்டு.

இப்போது அதே வட்டத்தார் சட்டைப் பைக்கு 60 மில்லிமீட்டரில் கேட்டிருக்கிறார்கள், துணி கறுப்பு. கோப்பைச் சுருக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கண்ணின் பள்ளம் 0.76 ஆகி மூடிவிடும், இமைச் சாட்டினும் அதே அளவுக்கு ஒடுங்கும். இமையைப் பீன் தையலாக மாற்ற வேண்டும், அரைநிழலை எடுத்துவிட வேண்டும், முண்டாசு மடிப்பு ஐந்தை மூன்றாக்க வேண்டும். மீசை 3.8 மில்லிமீட்டராகும், சாட்டினுக்கு அது வசதியான அகலம்தான். ஆனால் துணியே கறுப்பு என்பதால் மீசை, புருவம், கோட்டு மூன்றுக்கும் இனி நூல் வேண்டாம், அவை துணியாகவே நிற்கும். வெளிச்சம் படும் தோலுக்குத்தான் இப்போது நூல் போட வேண்டும். அதாவது வெளிச்ச வரிசையை முதலிலிருந்து அடுக்கி வேறு கோப்பு வரைய வேண்டும். அதற்கான விலையைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.